352 வந்தது சரி: ஒத்ததிர்வுக் குழாயும் முனைத்திருத்தமும்

கேள்வி: கடலூரில் பிளஸ் ஒன் படிக்கிறேன். லேபில் தண்ணீர் நிற்கும் குழாயின் மேல் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து ஒத்ததிர்வு எடுத்தேன். முதல் நீளம் 16.3 செ.மீ., இரண்டாவது 50.7 செ.மீ. ஒலியின் வேகம் விநாடிக்கு 352 மீட்டர் வந்தது. முதல் நீளத்தை மட்டும் எடுத்த நண்பனுக்கு 334. புத்தகத்தில் 332 என்று இருக்கிறது. அவன்தான் சரியா?

பதில்:

இல்லை தம்பி, உங்கள் 352 தான் சரி. நண்பரின் எண்ணில் இரண்டு விலகல்கள் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன: லேபின் வெப்பமும் ஈரமும் வேகத்தைக் கூட்டுகின்றன, அவர் விட்டுவிட்ட முனைத்திருத்தம் அதைக் குறைத்துக் காட்டுகிறது. ஒன்றையொன்று கழித்துக்கொண்டதால் புத்தகத்து எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

முதலில் 332. அது 0 டிகிரி செல்சியஸில், உலர்ந்த காற்றில் உள்ள வேகம். கடலூரில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் கிடையாது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். உங்கள் லேபில் 32 டிகிரி இருந்திருந்தால், உலர்ந்த காற்றிலேயே 350 வந்துவிடும். மீதி 2 மீட்டரைத் தருவது ஈரம். நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட லேசானது. அதனால் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலகுவாக இருக்கும், ஒலி அதில் கொஞ்சம் வேகமாகப் போகும். கடற்காற்று அடிக்கும் ஊர் என்பது ஒரு பக்கம். குழாயின் அடியிலேயே தண்ணீர் நிற்கிறது, உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய முழு ஈரத்தோடுதான் இருக்கும். ஆக, 352 எதிர்பார்க்க வேண்டிய எண்.

இப்போது 334. நண்பர் v = 4 f l1 என்று போட்டிருக்கிறார். 4 × 512 × 0.163 = 334. இந்தச் சூத்திரத்தில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: காற்று மிக அதிகமாக ஆடும் இடமான எதிர்க்கணு குழாயின் விளிம்பில் மிகச்சரியாக அமைகிறது என்று. உண்மையில் அப்படி அமைவதில்லை. குழாய்க்குள் மேலும் கீழும் ஆடும் காற்று, கண்ணாடி முடிந்த இடத்தில் சட்டென்று நின்றுவிடாது. விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கும் காற்றையும் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போய்த்தான் பரவும். அந்த வெளிக்காற்றின் நிறையும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்வதால், குழாய் தன் அளவைவிடச் சற்று நீளமானதுபோல் நடந்துகொள்கிறது. கூடுதலான அந்த நீளம்தான் முனைத்திருத்தம். சுற்றிலும் தட்டு எதுவும் இல்லாத வாய்க்கு அது உள்விட்டத்தில் ஏறக்குறைய 0.3 பங்கு. லெவினும் ஷ்விங்கரும் 1948இல் கணக்கிட்டுக் காட்டிய மதிப்பு ஆரத்தில் 0.61 பங்கு, இரண்டும் ஒன்றுதான். லேப் குழாயின் உள்விட்டம் 3 செ.மீ. என்றால் 0.9 செ.மீ. வரும்.

நீங்கள் எடுத்த இரண்டு நீளங்களிலும் இதே 0.9 குறைகிறது. அதனால் கழித்தால் அது தானாகவே ஒழிந்துபோகும். v = 2 f (l2 − l1) = 2 × 512 × 0.344 = 352. திருத்தத்தைத் தனியாக அறிய e = (l2 − 3 l1) / 2 = (50.7 − 48.9) / 2 = 0.9 செ.மீ. விட்டத்திலிருந்து வரும் மதிப்போடு அப்படியே ஒத்துப்போகிறது பாருங்கள்.

நான் புதுச்சேரியில் படித்த காலத்தில் என் ரெக்கார்டிலும் 334 என்று எழுதி, சிவப்பு மையில் டிக் வாங்கியிருக்கிறேன். அது தவறு என்று பல வருடம் தெரியவே இல்லை. பிறகு கடலூரில் பிராக்டிகல் எடுக்கத் தொடங்கியபோது ஒரு நாள், 512 கவை போதாமல் ஒரு குழுவுக்கு 256 ஹெர்ட்ஸ் கவையைக் கொடுத்தேன். அவர்களுக்கு முதல் ஒத்ததிர்வு 33.5 செ.மீ.இல் கிடைத்தது. 4 f l1 போட்டால் 343. பக்கத்து மேஜையில் 512 கவைக்கு 334. ஒரே அறை, ஒரே மாதிரிக் குழாய், ஒரே தண்ணீர். காற்றில் ஒலியின் வேகம் கவையைப் பொறுத்து மாறாது. அப்படி மாறுவதாகத் தெரிந்தால் சூத்திரத்தில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது. விடுபட்டது 4 f e. அதிர்வெண் இரண்டு மடங்கானால் பிழையும் இரண்டு மடங்காகும்: 256க்கு 9 மீட்டர், 512க்கு 18 மீட்டர். 256 கவைக்கு இரண்டாவது ஒத்ததிர்வு 102 செ.மீ. பக்கம் வரும், ஒரு மீட்டர் குழாயில் அது கிடைக்காது. அதனால் 512 கவையில் கிடைத்த 0.9ஐ எடுத்து 33.5 உடன் கூட்டினோம். 4 × 256 × 0.344, அதே 352.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. வேகம் நன்றாக வந்தாலும் e சரியாக வருவது கடினம். l1இல் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வேகம் 1 மீட்டர்தான் மாறும், ஆனால் e ஒன்றரை மில்லிமீட்டர் மாறிவிடும். 9 மில்லிமீட்டரில் ஒன்றரை என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால் l1க்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கவையை ரப்பர் சுத்தியால் தட்டி, புயங்கள் மேலும் கீழும் ஆடும்படி, வாய்க்கு மேலே ஒரு செ.மீ. விட்டுப் பிடியுங்கள். வாயை ஒட்டிப் பிடித்தால் கவையே வாயைப் பாதி மூடி, திருத்தத்தைக் கூட்டிவிடும். தண்ணீரை மெதுவாக இறக்கும்போது ஒலி திரண்டு "ம்ம்ம்" என்று எழும் இடத்தைக் குறியுங்கள். தாண்டிப் போய்விட்டு, தண்ணீரை ஏற்றிக்கொண்டே வந்து மறுபடி குறியுங்கள். இரண்டின் சராசரிதான் l1.

இரண்டாவது நீளம் எப்போதும் முதல் நீளத்தின் மூன்று மடங்கைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். குறைந்தால் e எதிர்க்குறியில் வரும். எடுத்த அளவு ஒருவேளை சரியாகவே இருக்கலாம், ஆனால் அளவுகோலைப் பாருங்கள். பழைய கருவிகளில் அதன் பூஜ்யம் குழாயின் விளிம்புக்கு நேராக இருக்காது, அல்லது விளிம்பு உடைந்து தேய்ந்திருக்கும். பூஜ்யம் அரை செ.மீ. மேலே இருந்தால் e அரை செ.மீ. குறைந்து தெரியும், வேகத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகாது.

வெப்பநிலையைச் சுவரில் மாட்டிய வெப்பமானியில் பார்க்காமல், குழாயின் வாய்க்குள் தொங்கவிட்டுப் பாருங்கள். மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து பிடித்த தண்ணீர் சூடாக இருக்கும். உள்ளே 5 டிகிரி கூடினால் 3 மீட்டர் கூடிவிடும்.

ரெக்கார்டில் 352ஐயே அறை வெப்பநிலையோடு சேர்த்து எழுதுங்கள். புத்தகத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் 0 டிகிரிக்கு மாற்றுங்கள்: 352 × √(273/305) = 333. புத்தகம் 332 என்று சொல்லும் உலர்ந்த காற்றின் மதிப்பு, துல்லியமாகச் சொன்னால், 331.3. மிச்சம் இருக்கும் ஒன்றரை மீட்டர் சொச்சத்துக்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம்.