ஆலைத் தரையில் ரோபோ ஓட்ட அனுமதி கேட்டுக் கடிதம்: எதைக் கேட்பது, எதை விடுவது

கேள்வி: பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராக இருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் செய்த லைன் ஃபாலோயர் ரோபோவைப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உரிமையாளருக்குக் கடிதம் எப்படி எழுதுவது? மாதிரி கிடைக்குமா?

பதில்:

ரோபோவைப் பற்றி மூன்று வரி போதும். மீதி எல்லாம் அவருடைய தரை, அவருடைய நேரம், அவருடைய ஆட்கள் பற்றி இருக்கட்டும். சிறு ஆலை நடத்துபவர் இப்படிப்பட்ட கடிதத்தில் தேடுவது நான்கு விஷயங்கள்: எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே நிற்பார்கள், மெஷின் நிற்குமா, யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு. இவற்றுக்கு விடை இல்லையென்றால் "பார்க்கலாம் சார்" என்று கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

நேரத்தை யோசித்துக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆலை காலியாக இருக்கும்தான். ஆனால் உங்களுக்காக ஒரு சூப்பர்வைசரை வரவழைத்து உரிமையாளர் ஓவர்டைம் கொடுக்க வேண்டும். மெயின்டனன்ஸ் வேலைக்காக ஏற்கெனவே ஆள் வரும் நாளைக் கேட்டால் அந்தச் செலவு இல்லை. சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் டேப் ஒட்டவே சரியாகிவிடும்.

கோவை குறிச்சி சிட்கோவில் பம்ப் உதிரிபாகம் கடையும் ஒரு சிறு ஆலைக்கு எழுதுவதாக வைத்து ஒரு மாதிரி:

> அனுப்புநர்: (பெயர்), விரிவுரையாளர், மெக்கட்ரானிக்ஸ் துறை, (கல்லூரி)
> வழி: முதல்வர்
> பெறுநர்: உரிமையாளர், (நிறுவனம்), சிட்கோ தொழிற்பேட்டை, குறிச்சி, கோவை
>
> பொருள்: மாணவர்கள் செய்த சிறு ரோபோவைத் தங்கள் ஆலைத் தரையில் 3 மணி நேரம் ஓட்டிப் பார்க்க அனுமதி வேண்டி
>
> ஐயா,
>
> வணக்கம். எங்கள் இறுதியாண்டு மாணவர்கள் 4 பேர், தரையில் ஒட்டிய கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி ஒன்றைச் செய்துள்ளனர். எடை 900 கிராம். வேகம் நொடிக்கு 30 செ.மீ., ஆள் நடப்பதைவிடக் குறைவு. ஆய்வகத்தில் ஓடுகிறது, சிமென்ட் தரையில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.
>
> ஸ்டோருக்கும் பேக்கிங் மேசைக்கும் நடுவே 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் இடம் போதும். மெஷின்கள் இருக்கும் பகுதிக்குள் வரமாட்டோம். தங்கள் மெயின்டனன்ஸ் நாளில், தங்கள் ஆட்கள் இருக்கும் 3 மணி நேரத்தில் வர விரும்புகிறோம்.
>
> வண்டி 7.4 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. சார்ஜ் செய்தே கொண்டுவருவோம். தங்கள் மின் இணைப்பு தேவையில்லை. மாணவர்கள் சேஃப்டி ஷூ அணிந்து வருவார்கள். நான் முழு நேரமும் உடன் இருப்பேன். மாணவர் விபத்துக் காப்பீட்டு நகல் இணைத்துள்ளேன். ஒட்டிய டேப்பை நாங்களே உரித்து, பசை இருந்தால் துடைத்துவிட்டுப் போவோம். தரையையும் வண்டியையும் மட்டுமே படம் எடுப்போம். கிளம்பும் முன் படங்களைத் தங்கள் சூப்பர்வைசரிடம் காட்டுவோம்.
>
> முதலில், இடத்தைப் பார்க்க நான் மட்டும் 30 நிமிடம் வர அனுமதித்தால், மற்றதை அதன்பின் தாங்கள் முடிவு செய்யலாம். வரும் வாரம் தொலைபேசியில் அழைக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், கைபேசி எண்)

கல்லூரிக்கு விபத்துக் காப்பீடு இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இல்லாததை எழுதினால் வம்பு. படம் பற்றிய வரி அவசியம். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர் செய்பவர்கள், கடைந்துகொண்டிருக்கும் பாகம் வெளியே போவதை விரும்பமாட்டார்கள். "உங்கள் ஆலைக்கே இப்படி ஒரு வண்டி செய்து தருகிறோம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாணவர் வண்டி ஆலைச் சுமையைத் தாங்காது. அவர் அதை நம்பிவிட்டால் கல்லூரி பெயர்தான் கெடும்.

அந்த 30 நிமிடத்துக்குத்தான் உண்மையான மதிப்பு. வண்டியில் உள்ள அதே ஐஆர் சென்சார், ஒரு ஆர்டுயினோ, லேப்டாப், ஒரு துண்டு கறுப்பு டேப் எடுத்துப் போங்கள். வண்டியில் இருக்கும் அதே உயரத்தில் சென்சாரைப் பிடித்து, வெறும் தரை, எண்ணெய்க் கறை, ஃபோர்க்லிஃப்ட் டயர் தடம், டேப், மேற்கூரைப் பிளாஸ்டிக் ஷீட் வழியாக வெயில் விழும் இடம் என்று ஐந்து இடத்தில் அளவெடுங்கள்.

எடுத்துக்காட்டாக, கறுப்புக்கு எண் கூடும்படி இணைத்த சென்சார் ஆய்வக வெள்ளை ஃப்ளெக்ஸில் 80, டேப்பில் 850 காட்டுகிறது. மாணவர்கள் நடுவில் 465ஐ எல்லையாக எழுதியிருப்பார்கள். சிமென்ட்டில் அதுவே 350, எண்ணெய்க் கறையில் 600 வந்தால், கறையெல்லாம் கோடாகிவிடும். எல்லையை 725க்கு ஏற்றினால் தப்பிக்கலாம். வெயிலில் நடப்பது நேரெதிர். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருப்பதால், டேப் மேல் இருக்கும்போதும் எண் கீழே விழும். வண்டிக்குக் கோடே தெரியாது. கறையில் எல்லாச் சென்சாரும் "கறுப்பு" என்று காட்டும், வெயிலில் எல்லாம் "வெள்ளை" என்று காட்டும். இதை வைத்தே காரணத்தைப் பிரித்துவிடலாம். வெயிலுக்கு எல்லையை மாற்றிப் பயனில்லை. சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையால் பாவாடை கட்டுங்கள், அல்லது பாதையை நிழலுக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று தரையில் வெட்டியிருக்கும் விரிவு இடைவெளி. 10 மி.மீ. அகலமுள்ள பள்ளத்தின் மேல் போகும்போது எல்லாச் சென்சாரும் ஒரே நேரத்தில் கறுப்பைக் காட்டும். மாணவர் நிரலில் அதற்குப் பெரும்பாலும் "நில்" என்றுதான் பொருள் இருக்கும். நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் 10 மி.மீ. கடக்க 33 மில்லிநொடி. நிறுத்தக் கோட்டை 19 மி.மீ. டேப் மூன்று பட்டையாகச் சேர்த்து ஒட்டினால் 57 மி.மீ.; கடக்க 190 மில்லிநொடி. நடுவில் 100 வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும்:

```
if (allDark) {
  if (darkStart == 0) darkStart = millis();
  if (millis() - darkStart > 100) stopMotors();
} else {
  darkStart = 0;
}
```

இதிலும் ஒரு பொறி உண்டு. பேட்டரி இறங்கி வேகம் நொடிக்கு 100 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் பள்ளத்தைக் கடக்கவே 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். முதல் மணி நேரம் ஒழுங்காக ஓடிய வண்டி மூன்றாம் மணி நேரத்தில் பள்ளத்தில் நின்றால், நிரலைக் கிளறாமல் முதலில் பேட்டரி வோல்ட்டேஜைப் பாருங்கள். மாற்று பேட்டரி இரண்டு செட் கையில் இருக்கட்டும். முன்னால் இருக்கும் சிறிய பால் காஸ்டர் பள்ளத்தில் இறங்கிச் சிக்கினால் அது வேறு கதை: சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பாதை பள்ளத்தைச் செங்குத்தாகக் கடக்கும்படி டேப்பை ஒட்டுங்கள். சாய்வாகப் போனால் சிக்கும் வாய்ப்பு கூடுதல்.

டேப் ஒட்டும் முன் துணியால் தூசியைத் துடைக்காவிட்டால் பத்து நிமிடத்தில் ஓரம் எழும்பி, வண்டியே அதை இழுத்துக்கொண்டு போகும். லேத் இருக்கும் இடமென்றால் இரும்புத் துகளையும் கவனியுங்கள். மோட்டார் காந்தம் துகளை இழுக்கும். அடியில் சாலிடர் முனை திறந்திருந்தால் ஷார்ட் ஆகும். போர்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டிவிட்டால் போதும்.

சோதனை முடிந்த வாரத்துக்குள் உரிமையாளருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: எத்தனை சுற்று ஓடியது, எத்தனை முறை நின்றது, ஒவ்வொன்றும் தரையில் எந்த இடத்தில், எதனால். அடுத்த வருட மாணவர்களுக்கு அதே தரையைக் கேட்க வேண்டிவரும்.