தப்பான அக்கவுண்டுக்கு போன பணம்: பேங்க்ல என்ன கேக்கணும், எப்படி எழுதிக் குடுக்கணும்

கேள்வி: சார், செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு 48,000 அனுப்பும்போது அக்கவுண்ட் நம்பர்ல கடைசி ரெண்டு எண்ணை மாத்தி அடிச்சிட்டேன். பணம் யாருக்கோ போயிடுச்சு. பேங்க்ல போய் கேட்டா "நீங்க தானே போட்டீங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது"னு சொல்லிட்டாங்க. என்ன எழுதிக் குடுத்தா உதவி பண்ணுவாங்க?

பதில்: கவுண்டர்ல இருந்தவர் சொன்னதுல பாதி தான் உண்மை. இன்னொருத்தர் அக்கவுண்ட்ல இருந்து உங்க பேங்க் தானா பணத்தை எடுக்க முடியாது, அது சரி. ஆனா அந்தப் பணம் போய்ச் சேர்ந்த பேங்க்குக்கு "எங்க கஸ்டமர் தப்பா அனுப்பிட்டாரு, உங்க கஸ்டமர்கிட்ட சம்மதம் வாங்கி திருப்பி அனுப்புங்க"னு ஒரு ரெக்வஸ்ட் அனுப்ப முடியும். பேங்க் உள்ளாற இதுக்கு ரீகால்னு பேரு, தினமும் நடக்குற வேலை. நீங்க "என் பணத்தை எடுத்துக் குடுங்க"னு கேட்டிருப்பீங்க, அவரு முடியாதுன்னுட்டாரு. அடுத்த தடவை போகும்போது "வாங்கின பேங்க்குக்கு ரீகால் ரெக்வஸ்ட் அனுப்புங்க, அனுப்பினதுக்கு கம்ப்ளெயிண்ட் நம்பர் குடுங்க"னு கேளுங்க. இதுக்கு முடியாதுன்னு சொன்னா எழுத்துல குடுக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் எழுதிக் குடுக்க மாட்டாங்க, லெட்டரை வாங்கிப்பாங்க.

வாயால சொல்லிட்டு வந்தா அதுக்கு எந்த மதிப்பும் இல்ல. நான் பல வருஷம் பேங்க்ல இந்த மாதிரி லெட்டரை வாங்கிப் பாக்குற இடத்துல தான் இருந்தேன், நிறைய பேரு ரெண்டு பக்கத்துக்கு தன் கஷ்டத்தை எழுதியிருப்பாங்க, படிக்கவே மனசு கஷ்டமா இருக்கும், ஆனா ட்ரான்சாக்‌ஷன் நம்பர் மட்டும் இருக்காது, அது இல்லாம எந்த கஸ்டமரோட பணம்னு அந்தப் பக்கம் தேட முடியாது, லெட்டர் அப்படியே கிடக்கும்.

நம்பர்லயும் ஒரு குழப்பம் இருக்கு. பணம் போனதும் ஸ்க்ரீன்ல பச்சை டிக்கோட ஒரு நம்பர் வருமே, பல ஆப்ல அது அந்த ஆப்போட சொந்த நம்பர். அதை வச்சு இன்னொரு பேங்க்ல ஒண்ணும் தேட முடியாது. ரெண்டு பேங்க்குக்கும் பொதுவா போற நம்பர் வேற. இந்தியாவுக்குள்ள அனுப்பினா UTR, நாடு விட்டு நாடு போற ட்ரான்ஸ்பர்னா UETR, இந்தப் பேர்ல தேடுங்க, அந்த UETR நடுவுல கோடுகளோட 36 எழுத்து இருக்கும். ட்ரான்சாக்‌ஷன் ஹிஸ்டரில அந்த என்ட்ரியை தட்டி முழு விவரத்தை திறந்தா இருக்கும், இல்லன்னா அந்த நாள் ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் பாருங்க.

லெட்டர் ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். இப்படி எழுதலாம்:

"என் கணக்கிலிருந்து 48,000 தொகையை இந்தத் தேதியில், இந்த நேரத்தில் அனுப்பினேன். ட்ரான்சாக்‌ஷன் நம்பர் இது. அனுப்ப நினைத்த கணக்கு எண் 4471 என்று முடியும். தவறுதலாக அனுப்பிய கணக்கு எண் 4417 என்று முடியும். கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. தவறான கணக்கில் இருப்பவரோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. பணம் பெற்ற வங்கிக்கு ரீகால் ரெக்வஸ்ட் அனுப்பி, கணக்கு வைத்திருப்பவரின் சம்மதம் பெற்றுத் தொகையைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ரெண்டு அக்கவுண்ட் நம்பரையும் முழுசா, ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதுங்க. 4471, கீழயே 4417. பாக்குறவருக்கு ஒரு செகண்ட்ல புரியும் இது கை தவறினதுன்னு. இது ஏன் முக்கியம்னா, அந்தப் பக்கம் பணம் வாங்கினவரு "இது எனக்கு வரவேண்டிய பணம்"னு ஒரு வார்த்தை சொன்னா ரீகால் நின்னுடும், அப்ப இந்த ரெண்டு நம்பர் தான் உங்களுக்கு சாட்சி. அக்காவுக்கு முன்னாடி சரியா அனுப்பின பழைய என்ட்ரி ஒண்ணு இருந்தா அதையும் பிரிண்ட் போட்டு சேருங்க, அவங்களுக்கு அனுப்புற வழக்கம் இருக்குன்னு அதுலயே தெரிஞ்சிடும். கொடுத்த லெட்டரோட காப்பில சீல் வாங்காம வெளிய வராதீங்க.

லெட்டர்ல "ஏமாத்திட்டாங்க", "மோசடி"னு எழுதவே எழுதாதீங்க. அப்படி எழுதினா சீக்கிரம் வேலை நடக்கும்னு யாராவது சொல்லுவாங்க. நடக்காது. மோசடி புகார் வேற டிபார்ட்மெண்ட்டுக்கு போகும், அவங்க பாத்துட்டு "கஸ்டமரே தன் பாஸ்வேர்ட் போட்டு அனுப்பியிருக்காரு, மோசடி இல்ல"னு ஃபைலை மூடிடுவாங்க, மூடினதுக்கு அப்புறம் அதே விஷயத்தை தவறுதல்னு திறக்க வைக்கிறதுக்கு நாள் போயிடும். அதுக்குள்ள அந்த மனுஷன் பணத்தை செலவு பண்ணிட்டா யாரு பொறுப்பு?

இப்ப நான் ரொம்ப பயப்படுற விஷயத்துக்கு வர்றேன். பணம் போன பதட்டத்துல எல்லாரும் செய்யுறது, நெட்ல பேங்க் பேரைப் போட்டு கஸ்டமர் கேர் நம்பர் தேடுறது. அங்க வர்ற நம்பர்ல பாதி யாரு வச்சதுன்னே தெரியாது. கார்டு பின்னாடி அச்சடிச்ச நம்பர், பேங்க் ஆப்புக்குள்ள இருக்குற நம்பர், இந்த ரெண்டை தவிர வேற எதுக்கும் கூப்பிடாதீங்க. நெட்ல கிடைச்ச நம்பருக்கு கூப்பிட்டா எடுக்குறவன் ரொம்ப மரியாதையா பேசுவான், "உங்க ரீஃபண்ட் ரெடியா இருக்கு மேடம், ஒரு ஆப் மட்டும் போடுங்க, வர்ற ஓடிபியை சொல்லுங்க"ம்பான். பணம் திரும்ப வர்றதுக்கு ஓடிபி தேவையே இல்ல. உங்க அக்கவுண்ட்டுக்கு உள்ள வர்ற பணத்துக்கு எந்த பேங்க்கும் உங்ககிட்ட ரகசிய நம்பர் கேக்காது, வெளிய போற பணத்துக்கு தான் கேக்கும். இந்த ஒண்ணை மட்டும் மறக்காம வச்சிக்கோங்க.

அடுத்தது இந்த "ரிகவரி ஏஜெண்ட்"னு சொல்லிக்கிறவங்க. சோஷியல் மீடியால உங்க கஷ்டத்தை எழுதினா ஒரு மணி நேரத்துல மெசேஜ் வரும், "எனக்கும் இப்படி ஆச்சு, இவரு தான் எடுத்துக் குடுத்தாரு"ன்னு. முதல்ல ஃபைல் சார்ஜ், அப்புறம் ரிலீஸ் சார்ஜ், அப்புறம் வரி. அவங்ககிட்ட குடுத்த பணமும் சேர்ந்து போயிடும். ரீகால்ங்கறது பேங்க்குக்கும் பேங்க்குக்கும் நடுவுல நடக்குறது, வெளியாளுக்கு அதுல இடமே கிடையாது. ஒருத்தங்க 30,000 தப்பா அனுப்பிட்டு, அதை மீட்க 22,000 வரைக்கும் ஒரு ஆளுக்கு கட்டிட்டு என் முன்னாடி வந்து உக்காந்தாங்க. உண்மையான ரீகால் லெட்டர் அது வரைக்கும் குடுக்கவே இல்ல, நாப்பது நாள் ஓடியிருந்துச்சு.

இன்னொரு வகையும் இருக்கு, "பேங்க்ல எனக்கு ஆள் தெரியும், அந்த அக்கவுண்ட்காரர் பேரும் போன் நம்பரும் வாங்கித் தர்றேன்"னு வருவாங்க. அது கஸ்டமர் ரகசியம், வெளிய குடுக்குறவர் வேலையே போகும். அப்படி கிடைச்ச நம்பருக்கு கூப்பிட்டு நீங்க சத்தம் போட்டா, தானா திருப்பிக் குடுக்க இருந்தவரும் பயந்து போனை ஆஃப் பண்ணிடுவாரு. முன்பின் தெரியாத ஆளு கூப்பிட்டு "என் பணம் உன்கிட்ட இருக்கு"ன்னா நீங்களே என்ன நினைப்பீங்க? பேங்க் மூலமா போறது தான் அவருக்கும் நம்பிக்கை.

ஒரே ஒரு நிலைமைல இவ்வளவு அலைச்சல் வேண்டாம், நீங்க அடிச்ச நம்பர்ல அக்கவுண்ட்டே இல்லன்னா. அப்ப அந்த பேங்க் பணத்தை வரவு வைக்க முடியாம தானா திருப்பி அனுப்பிடும். ஆனா இதை நம்பி வீட்ல உக்காந்திருக்காதீங்க. சில நாடுகள்ல அக்கவுண்ட் நம்பர்லயே சரிபார்க்குற எண் இருக்கும், ஐரோப்பால புழங்குற ஐபேன் அப்படித்தான், ரெண்டு எண்ணை மாத்திப் போட்டா சிஸ்டமே ஏத்துக்காது. அந்த வசதி இல்லாத இடத்துல வரிசையா நம்பர் குடுத்துட்டே போறதால 4471 ஒருத்தருக்குன்னா 4417 இன்னொருத்தருக்கு நிஜமாவே இருக்க வாய்ப்பு அதிகம். அதனால பேங்க்ல முதல் கேள்வியா "அந்தப் பக்கம் வரவு வச்சாச்சா, இல்ல திரும்பி வருதா"ன்னு கேளுங்க. உங்க ஆப்ல "சக்ஸஸ்"னு இருக்குறது உங்க பக்கத்துல இருந்து கிளம்பிடுச்சுன்னு மட்டும் சொல்றதா கூட இருக்கலாம். திரும்பி வந்தா பழைய என்ட்ரி மாறாது, தனியா ஒரு வரவு வேற நம்பரோட வரும், நிறைய பேர் பழைய என்ட்ரியையே பாத்துட்டு வரலைன்னு அழுதுட்டு இருப்பாங்க. அந்த அக்கவுண்ட் மூடினதா இருந்தாலும் இதே கதை தான்.

அக்காவோட பேரை சரியா தானே போட்டேன், பேர் மாறியும் எப்படி போச்சுன்னு கேப்பீங்க. பல இடத்துல பணம் நம்பரை மட்டும் பாத்து தான் போகும். இந்தியால ரிசர்வ் பேங்க் 2010லயே சொல்லிடுச்சு, நம்பரை மட்டும் வச்சு வரவு வைக்கலாம், சரியா போடுற பொறுப்பு அனுப்புறவருதுன்னு. அப்ப பேர்னு ஒரு கட்டம் எதுக்கு வச்சீங்க? பாக்கவே போறதில்லன்னா ஜனங்களை ஏன் நிரப்ப வைக்கிறீங்க? பிரிட்டன்ல 2020ல பேர் ஒத்துப் பாக்குற ஏற்பாடு வந்துச்சு, இந்தியால NEFT, RTGS ட்ரான்ஸ்பர்களுக்கு அந்தப் பேரைக் காட்டுற வசதியை 2025 ஏப்ரலுக்குள்ள குடுக்கணும்னு சொன்னாங்க. அத்தனை வருஷம் எத்தனை பேர் வயித்துல அடிச்சிருக்கு, நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

ரெக்வஸ்ட் போனதுக்கு அப்புறம் எங்க நிக்கும்னு தெரிஞ்சிக்கோங்க. அந்த பேங்க் தன் கஸ்டமருக்கு போன் போடும், அவரு எடுக்க மாட்டாரு. பெரும்பாலும் அங்கயே தூங்கிடும். அதனால வாரம் ஒரு தடவை கம்ப்ளெயிண்ட் நம்பரை வச்சு "கஸ்டமரைத் தொடர்பு கொண்டாங்களா, என்ன பதில், அந்த தொகையை எடுக்க விடாம நிறுத்தி வச்சிருக்காங்களா"ன்னு மூணையும் எழுத்துல கேளுங்க. பதிலே வரலைன்னா பேங்க்கோட புகார் அதிகாரிக்கு, அதுக்கும் மேல பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்குற ஆம்புட்ஸ்மேனுக்கு போகலாம். அங்க "என் பணம் போச்சு"னு எழுதாதீங்க, தப்பு நம்பர் போட்டது நீங்கன்னு தள்ளிடுவாங்க. "இந்தத் தேதில லெட்டர் குடுத்தேன், பேங்க் ரெக்வஸ்டை அனுப்பல, பதில் சொல்லல"னு எழுதுங்க, அது பேங்க்கோட குறை.

அவரு தெரிஞ்சே தர மாட்டேன்னா வக்கீல் நோட்டீஸ், அப்புறம் கோர்ட். தவறா வந்த பணம்னு தெரிஞ்சும் வச்சிக்கிறதை சட்டம் பெரும்பாலும் ஒத்துக்கிறதில்ல, கோர்ட் கேட்டா பேங்க் அவரோட விவரத்தை குடுத்து தான் ஆகணும். அந்த நிலைமைக்கு போனா சீல் போட்ட லெட்டர் காப்பி தான் முதல்ல கேப்பாங்க.

இன்னைக்கே லெட்டரை குடுத்துடுங்க, நாளைக்குன்னு தள்ள வேண்டாம். போறதுக்கு முன்னாடி ஆப்ல அக்கா பேர்ல சேவ் ஆகி இருக்குற 4417 நம்பரை அழிச்சிடுங்க, அதுல மாசாமாசம் தானா போற மாதிரி ஏதாவது செட் பண்ணியிருந்தா அதையும் நிறுத்துங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து லெட்டரோட வைங்க.