சார்ஜரில் போட்டுக் கேம் ஆடுபவர்களுக்கு: பைபாஸ் சார்ஜிங் கேள்வி பதில்

பிரவீன்: அண்ணா, பைபாஸ் ஆன் செய்துவிட்டால் பேட்டரிக்கு எந்த ஆபத்தும் இல்லைதானே?

பாதி உண்மை. கேம் ஆடும்போது சிப் சூடாகும். அதோடு சார்ஜும் ஏறினால் பேட்டரியும் தன் பங்குக்குச் சூடாகும். பைபாஸ் இந்த இரண்டாவது சூட்டைத்தான் நிறுத்துகிறது. சார்ஜரிலிருந்து வரும் கரண்ட் பேட்டரிக்குள் போகாமல் நேராக போனை ஓட்டுகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. 5000 எம்ஏஎச் பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-அவர் இருக்கும். 5 வாட் இழுக்கும் கேமை 2 மணி நேரம் ஆடினால் அதில் பாதி தீர்ந்துவிடும். பைபாஸில் ஆடினால் அந்த அரை சார்ஜ் சைக்கிள் தேய்மானம் மிச்சம்.

சரவணன்: நான் 100% ஏற்றிவிட்டுத்தான் பைபாஸ் போடுவேன். அதுதான் பேட்டரிக்கு நல்லது.

சைக்கிள் மிச்சமாவது சரி, ஆனால் அந்த 100% தான் இடிக்கிறது. லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் மூப்படையும். முழு சார்ஜில் செல்லின் வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும். அதோடு 42 டிகிரி சூடும் சேர்ந்தால் மூப்பு இன்னும் வேகமாகும். தினமும் மூன்று மணி நேரம் அப்படி வைத்தால் பைபாஸின் லாபத்தில் நல்ல பங்கு போய்விடும். 50 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கும்போதே பைபாஸ் போடுங்கள். பிக்சலில் 80% வரம்பு வைத்தால், அதைத் தொட்டதும் பைபாஸ் தானாக வருகிறது.

நிவேதா: சாம்சங்கில் பைபாஸுக்கான Pause USB Power Delivery ஆன் செய்திருக்கிறேன் சார். இருந்தும் சதவீதம் ஏறுகிறதே?

முதலில் சார்ஜரைப் பாருங்கள். யுஎஸ்பி பிடி சார்ஜர் வேண்டும், பேட்டரியும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். அப்புறம், கேம் திரையில் இருக்கும் வரைதான் இது வேலை செய்யும். நடுவில் வாட்ஸ்அப் பார்க்கப் போனால் மறுபடி சார்ஜ் ஏறும்.

சந்தேகம் தீர ஒரு யுஎஸ்பி மீட்டரை நடுவில் மாட்டுங்கள். 15, 20 வாட் காட்டியது, கேம் தொடங்கியதும் 5, 6 வாட்டுக்கு இறங்கினால் பைபாஸ் ஓடுகிறது. பேட்டரி சூட்டை, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் adb கருவியில் வைஃபை வழியாகப் பார்க்கலாம்:

```
adb shell dumpsys battery
```

அதில் temperature: 384 என்றால் 38.4 டிகிரி.

இம்ரான்: என் பழைய போனில் பேட்டரி உப்பிவிட்டது. பைபாஸில் ஓட்டலாமா?

வேண்டவே வேண்டாம். பைபாஸில் இருந்தாலும் பேட்டரி சர்க்யூட்டில்தான் இருக்கிறது. கேம் திடீரென்று அதிகம் இழுத்தால் அதுதான் கைகொடுக்கும். உப்பிய போனை சார்ஜரில் மாட்டாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றுங்கள்.

கௌதம்: பைபாஸ் போட்டும் 43 டிகிரி. இதனால் எத்தனை மாதம் ஆயுள் கூடும்?

அந்த 43 சிப் தரும் சூடு, பைபாஸ் அதைத் தொடாது. கவரைக் கழற்றுங்கள், எஃப்பிஎஸ்ஸை 60-க்கு இறக்குங்கள், ஃபேன் பக்கம் உட்காருங்கள். மாதக் கணக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் அறையின் வெப்பமும் ஆடும் நேரமும் அதை அடியோடு மாற்றிவிடும். 40-க்குக் கீழே கொண்டுவர முடிகிறதா பாருங்கள்.