11 பக்க விபத்து அறிக்கை, ஒரு பக்கச் சுருக்கம்: கேள்வி பதில்

ஓசூர், புதிதாகச் சேர்ந்த பாதுகாப்பு அலுவலர்: "சார், 11 பக்க அறிக்கையை மேனேஜ்மென்ட் ரிவியூவுக்கு ஒரு பக்கமாகக் கேட்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று போட்டால் போதுமா?"

போதாது தம்பி. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் ஆலையில் நான் இருந்தபோது நடந்தது இது. ஸ்டாண்டில் சாய்த்து வைத்த ஸ்லாப்களில் முன்னால் இருந்ததை நிறம் பார்க்கக் கையால் இழுத்திருக்கிறார்கள். பின்னால் இருந்ததும் சேர்ந்து சாய்ந்துவிட்டது. 10 அடிக்கு 6 அடி, 20 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு ஸ்லாப் சுமார் 300 கிலோ. ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. முதல் அறிக்கை நீங்கள் சொன்ன அதே சொல்லோடுதான் முடிந்தது.

ஸ்டாண்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் தடுப்புக் குழாய் செருகும் துளை காலியாக இருந்தது. உள்ளே கல்தூள் இறுகிப்போயிருந்தது. குழாயைக் கழற்றிப் பல வாரம் ஆகியிருக்க வேண்டும். ஏன் கழற்றினார்கள் என்று விசாரித்தால், துளை ஸ்லாப்பை ஒட்டியே இருந்ததால் குழாய் நின்றால் கிரேனின் கிளாம்ப் உள்ளே நுழையவில்லை. சூப்பர்வைசருக்கும் இது தெரியும். ஆகவே சுருக்கத்தில் இப்படி எழுதினேன்: "தடுப்புக் குழாய் கிளாம்ப்புக்கு இடைஞ்சலாக இருந்ததால் கழற்றப்பட்டது. அது தெரிந்தும் வேலை தொடர்ந்தது." கவனக்குறைவு என்று எழுதியிருந்தால் ஒரு மெமோ போயிருக்கும், துளை அங்கேயே இருந்திருக்கும்.

தருமபுரி, உற்பத்தி மேலாளர்: "ஐந்து தடவை 'ஏன்' கேட்டால் மூலகாரணம் வந்துவிடும். அந்த ஐந்தையும் அப்படியே ஒட்டிவிடலாமே?"

கேட்க வேண்டியது சரிதான். ஆனால் சில விஷயம் மூன்றிலேயே முடியும், சில ஏழு வரை போகும். நாம் மாற்றக்கூடிய ஒன்றில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், ஒரே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றது விட்டுப்போகும். எங்கள் விபத்தில் குழாய் ஒன்று. நிறம் பார்க்க ஸ்லாப்பைக் கையால் இழுப்பதே வழக்கமாக இருந்தது இன்னொன்று. ஒரு பக்கச் சுருக்கத்தில் இரண்டின் கடைசிப் பதில் மட்டும் இருந்தால் போதும். படிகளெல்லாம் மூல அறிக்கையில் இருக்கட்டும்.

பர்கூரிலிருந்து ஒரு சகோதரி: "பாதிப்பு என்றால் இஎஸ்ஐ பணம் எவ்வளவு என்று எழுதுவதா? என் தம்பிக்குக் கையில் அடிபட்டு வீட்டில் இருக்கிறான்."

அம்மா, அது வேறு விஷயம், ஆனாலும் சொல்கிறேன். இஎஸ்ஐயில் பதிவானவருக்கு வேலையில் காயம் பட்டால், தற்காலிகமாக வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி தினக் கூலியில் 90 சதவீதம் உண்டு. விபத்து அறிக்கையை ஆலை இஎஸ்ஐ அலுவலகத்துக்கு அனுப்பியதா என்று முதலில் கேளுங்கள்.

சுருக்கத்தில் பாதிப்பு என்றால் மனிதர்தான் முதல் வரி: ஒருவருக்குக் கால் முறிவு, 41 நாள் வேலைக்கு வரவில்லை. அடுத்த வரி, என்ன நடந்திருக்கக்கூடும் என்பது: சற்று முன்பு வரை அதே இடத்தில் இருவர் குனிந்து நின்றிருந்தார்கள், உயிரே போயிருக்கலாம். உடைந்த 2 ஸ்லாப்பும் அரை நாள் நின்ற வேலையும் அதற்குக் கீழே.

மறுபடியும் ஓசூர் தம்பி: "நடவடிக்கை எல்லாவற்றுக்கும் 'முடிந்தது' என்று போட்டேன். எம்.டி. நம்பமாட்டேன் என்கிறார்."

அவர் நம்பாதது நியாயம்தான். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நிலை ஒளிந்திருக்கிறது: ஆர்டர் போட்டது, பொருத்தியது, பொருத்தியது பயன்படுகிறதா என்று பார்த்தது.

எங்களிடம் 14 ஸ்டாண்ட். துளையைத் தள்ளிப் போட வேண்டும். ரிவியூ நாளில் 9 முடிந்திருந்தது. 5 பாக்கி, வெல்டர் வரவில்லை. அந்த ஐந்தில் ஸ்லாப் ஏற்றாமல் கயிறு கட்டி வைத்தோம். பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் என்று வரியிலேயே போட்டேன். 64 சதவீதம் என்று எழுதவில்லை. அந்த எண்ணைப் பார்த்தால் மீதி ஐந்தில் இன்று ஸ்லாப் நிற்கிறதா என்று தெரியாதே.

ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் இரவு ஷிஃப்டில் போய்ப் பார்த்தேன். மாற்றிய 9 ஸ்டாண்டில் 7-இல்தான் குழாய் இருந்தது. மற்ற இரண்டின் குழாயும் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. கிளாம்ப் இப்போது தாராளமாக நுழைகிறது, பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. அந்த இரண்டையும் மறைக்காமல் எழுதினேன்: "பொருத்தியது 9, பயனில் 7. நடவடிக்கை திறந்தே இருக்கிறது." அந்த வரியைப் பார்த்துத்தான் குழாய் இல்லாவிட்டால் கிரேன் எடுக்கக்கூடாது என்ற உத்தரவே வந்தது.

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ் ஆலை ஊழியர்: "எங்கள் ஆலையில் நீராவிக் குழாய் பட்டுக் கை வெந்தவர் காண்ட்ராக்ட் ஆள். அவர் வேலைக்கு வராத நாட்களை நம் கணக்கில் சேர்க்காதே என்கிறார் ஹெச்.ஆர்."

நான் சேர்ப்பேன். தனி வரியாகவாவது போடுவேன். குழாய் நம்முடையது, அதற்கு உறை போடாதது நம் வேலை. ஆனால் மொத்த எண்ணிக்கையில் கூட்டுவதா, பக்கத்தில் தனியாகக் காட்டுவதா என்பதில் ஆலைக்கு ஆலை வழக்கம் வேறு. எங்கள் ஆலையில் நான் ஓய்வு பெறும் வரை அது பேச்சாகவே இருந்தது.