ஆப்ஷன் விற்றால் சுலபப் பணமா?

"முக்கால்வாசி ஆப்ஷன் எக்ஸ்பைரியில் பூஜ்யமாகத்தானே போகிறது? விற்றுவிட்டு உட்கார்ந்தாலே லாபம்தானே?"

பூஜ்யமாகப் போன ஒன்றையே பாருங்கள். 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,263இல் முடிந்தது. நிஃப்டி 22,500க்குக் கீழே முடிந்தால், குறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் வாங்கியவருக்கு விற்றவர் ஒரு ரூபாய் தர வேண்டிய ஆப்ஷன்தான் 22,500 புட். அந்த வாரத்துக்கான அந்தப் புட்டை ஒருவர் 100 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு லாட் என்பது 25; அதற்கு வரவு 2,500 ரூபாய்.

மறுநாள் தேர்தல் முடிவு. நிஃப்டி 21,884இல் முடிந்தது. புட்டின் அடிப்படை மதிப்பே 616 ரூபாய்; திரும்ப வாங்கி மூடினால் குறைந்தது 12,900 ரூபாய் நஷ்டம். ஐந்து வார வரவும் ஒரே நாளில் காலி.

ஜூன் 6 எக்ஸ்பைரியில் நிஃப்டி 22,821. அதே புட் பூஜ்யம்! புள்ளிவிவரப்படி விற்றவருக்கு வெற்றி. ஆனால் 4ஆம் தேதியே பிணையாக வைத்த மார்ஜின் பணம் போதாமல் புரோக்கர் பொசிஷனை மூடியிருந்தால், அந்த நஷ்டம் எந்தச் சதவீதக் கணக்கிலும் தெரியாது. விற்பதானால் விற்ற புட்டைவிடக் கீழ் நிலையில் இன்னொரு புட்டை வாங்கி நஷ்டத்துக்கு எல்லை கட்டுங்கள்.