எழுதி முடித்த கட்டுரையில் எந்தப் பத்தி விலகுகிறது?

கேள்வி: கட்டுரையின் முதல் வரைவை முடித்துவிட்டேன். எனக்குப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "மைய வாதத்தை விட்டு விலகுகிறது" என்று என் வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்தப் பத்தி விலகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

ரிவர்ஸ் அவுட்லைன் போட்டுப் பாருங்கள். வழக்கமாகச் சட்டகம் போட்டுவிட்டுக் கட்டுரை எழுதுவோம். இங்கே எழுதி முடித்த கட்டுரையிலிருந்து சட்டகத்தை எடுக்கிறோம். முதலில் போட்ட சட்டகத்தில் நீங்கள் சொல்ல நினைத்தது இருக்கும். இப்போது எடுப்பதில் நீங்கள் உண்மையில் சொல்லியிருப்பது இருக்கும்.

வரைவை மூடி வைத்துவிட்டு, உங்கள் மைய வாதத்தை ஒரு தாளின் மேலே ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு வரைவைத் திறந்து பத்திகளுக்கு எண் போடுங்கள். ஒவ்வொரு பத்திக்கும், அது என்ன சொல்கிறது என்று ஒரு வாக்கியம், கட்டுரையில் அதற்கு என்ன வேலை என்று சில சொற்கள், இவ்வளவு போதும். சான்று தருகிறதா, ஒரு கருத்தை விளக்குகிறதா, எதிர்வாதத்துக்குப் பதில் சொல்கிறதா என்பது போல.

பெரும்பாலோர் தடுமாறுவது, பத்தி என்ன சொல்கிறது என்ற அந்த வாக்கியத்தில்தான். வாக்கியம் எழுதாமல் தலைப்பு எழுதிவிடுகிறார்கள். "சென்னையின் ஏரிகள்" என்று எழுதினால் எந்தப் பத்தியும் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தியது போலத் தோன்றும். "சென்னையில் மழை குறைவில்லை, பெய்வதைத் தேக்கத்தான் வழியில்லை" என்று எழுதினால்தான் அது மைய வாதத்துக்கு உதவுகிறதா என்று கேட்கவே முடியும். யாராவது மறுத்துப் பேசக்கூடிய வாக்கியமாக அது இருக்க வேண்டும்.

நான் அண்மையில் பார்த்த ஒரு மாணவியின் வரைவைச் சொல்கிறேன். அவருடைய மைய வாதம் இது: "மழைநீர் சேகரிப்புச் சட்டம் கட்டமைப்பைக் கட்டாயமாக்கியது, பராமரிப்பை யாருடைய பொறுப்பாகவும் ஆக்கவில்லை, அதனால்தான் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை." எட்டுப் பத்திகளுக்கு அவர் எடுத்த பட்டியல்:

1. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வற்றிப்போயின.
2. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெறும் இந்த நகரத்தில் அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுவதால் தேக்கி வைப்பதுதான் சிக்கல்.
3. நம் முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டினார்கள்.
4. 2003-ல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது.
5. மாடியில் விழும் நீர் குழாய் வழியாக மணலும் ஜல்லியும் நிரப்பிய தொட்டியில் வடிந்து நிலத்துக்குள் போகிறது; மணல் அடைத்துக்கொண்டால் போகாது.
6. கடல்நீரைக் குடிநீராக்குவதற்குச் செலவு அதிகம்.
7. 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது.
8. கட்டடம் கட்டும்போது தொட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பிறகு யாரும் பார்ப்பதில்லை.

இப்போது கட்டுரையை ஒதுக்கிவிட்டு இந்த எட்டு வரிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே "ஏனெனில்", "எனவே", "ஆனால்" இவற்றில் எது பொருந்துகிறது என்று போட்டுப் பாருங்கள். 1-க்கும் 2-க்கும் நடுவே "ஆனால்" சரியாக உட்காருகிறது. 5-க்கும் 6-க்கும் நடுவே, 6-க்கும் 7-க்கும் நடுவே "மேலும்" தவிர வேறெதுவும் ஒட்டவில்லை. "மேலும்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால், அந்தப் பத்தியை வாதம் அங்கே கொண்டுவரவில்லை, தலைப்பு கொண்டுவந்திருக்கிறது. கட்டுரையில் அது தெரியாமல் போனதற்குக் காரணம், 7-ஆம் பத்தியின் தொடக்கத்தில் "இந்தப் பின்னணியில்" என்று அழகான ஒரு இணைப்பு இருந்தது. பட்டியலில் அது உதிர்ந்துவிடுகிறது.

உடனே வெட்டிவிடக் கூடாது. விலகி நிற்கும் பத்திக்கு நான்கு வழிகள் உண்டு: நீக்கலாம், இடம் மாற்றலாம், பிரிக்கலாம், அதன் வாதத்தையே மாற்றலாம். வெள்ளப் பத்தி 2-க்கு அடுத்ததாகப் போனது. வறட்சியும் வெள்ளமும் ஒரே நகரத்தில் சில ஆண்டு இடைவெளியில் வந்தன என்பதே, மழை குறைவில்லை என்பதற்கு வலுவான சான்று. கடல்நீர்ப் பத்தி நீங்கியது. அது நல்ல பத்திதான். ஆனால் "எந்த வழி மலிவு" என்ற வேறொரு கட்டுரைக்கு உரியது. 5-ஆம் பத்தியின் சுருக்கத்தில் ஓர் அரைப்புள்ளி வந்திருப்பதைக் கவனியுங்கள். சுருக்கம் ஒரே வாக்கியத்தில் அடங்காவிட்டால் பெரும்பாலும் அங்கே இரண்டு பத்திகள் இருக்கின்றன. தொட்டி எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்று, எப்படிக் கெடுகிறது என்பது இன்னொன்று. வாதத்தைத் தாங்குவது இரண்டாவது; வரைவில் அதற்குக் கிடைத்தது கடைசி வாக்கியம் மட்டும்.

மிகவும் பயன் தந்தது 3-ஆம் பத்தி. மாணவிக்கு மிகப் பிடித்த பத்தி அது, நீக்க மனம் வரவில்லை. ஏரி வெட்டினார்கள் என்பது அவர் வாதத்துக்கு உண்மையில் எதிரானது. கட்டினாலே போதும் என்று சொல்வது போலாகிவிடும். ஆனால் பத்தியின் நடுவில், உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரி வாரியம் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. 10-ஆம் நூற்றாண்டிலேயே ஏரியைக் கவனிக்க ஊர்ச்சபையில் தனிக் குழு. ஊரார் சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து பற்றியும் ஒரு வரி. இந்த இரண்டையும் முன்னே கொண்டுவந்ததும் பத்தியின் வாதமே மாறியது: "ஏரிகளைப் பராமரிக்க ஆட்கள் குறிக்கப்பட்டிருந்தார்கள்." 2003-க்கு முன்னால் அது நிற்கும்போது, சட்டத்தில் எது விடுபட்டது என்று வாசகருக்குச் சொல்லாமலே தெரிகிறது.

ஆனால் பெரிய ஓட்டை 8-இல் இருந்தது. முழுக் கட்டுரையும் நிற்க வேண்டிய வாதம் அந்த ஒரே பத்தியில்தான்; அதன் எதிரே "வேலை" என்ற இடத்தில் "சான்று" என்று எழுத முடியவில்லை, "கூற்று" என்றுதான் எழுத முடிந்தது. யார் பார்ப்பதில்லை, விதியில் என்ன இருக்கிறது, எத்தனை தொட்டிகள் அடைத்துக் கிடக்கின்றன, எதுவும் இல்லை. மாணவி விதிகளின் வாசகத்தைத் தேடி எடுத்து, தன் தெருவில் வீடு வீடாகத் தொட்டிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து, இரண்டு பத்திகள் புதிதாக எழுதினார். இல்லாத பத்தியைக் காட்டுவதும் இந்த முறையின் வேலைதான்.

இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. எழுதியவருக்குத் தன் பத்தி மீது இரக்கம் அதிகம். பத்தியில் இல்லாத தொடர்பைச் சுருக்கத்தில் தானே சேர்த்துவிடுவார். இதைத் தடுக்க, சுருக்கத்தை எழுதியதும் அதைத் தாங்கும் வாக்கியத்தைப் பத்திக்குள் அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கருத்து உங்கள் தலையில் இருக்கிறது, தாளில் இல்லை. எழுதி ஓரிரு நாள் கழித்துச் செய்வது நல்லது. வாதம் தெரியாத நண்பர் ஒருவர் சுருக்கங்களை எழுதித் தந்தால் இன்னும் நல்லது. அவர் எழுதியதும் நீங்கள் எழுதியதும் எங்கே வேறுபடுகின்றனவோ அந்தப் பத்தியைத் திருத்துங்கள்.

பாதிக்கு மேற்பட்ட பத்திகள் விலகினால், பத்திகளைச் சந்தேகிக்காமல் தாளின் மேலே எழுதிய மைய வாக்கியத்தைச் சந்தேகியுங்கள். எழுத எழுத வாதம் வளர்ந்திருக்கும், முன்னுரை மட்டும் பழையதாகவே நின்றிருக்கும். அப்போது திருத்த வேண்டியது முன்னுரையைத்தான். உங்கள் வழிகாட்டி படித்துவிட்டு எதிர்பார்த்தது அந்தப் பழைய வாக்கியத்தையாக இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.