புல் இருந்த வரைக்கும் போனார்கள்: மங்கோலியர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஆள்பலமே குறைவு என்கிறார்கள். எப்படி இவ்வளவு நிலத்தைப் பிடித்தார்கள்? குதிரையின் வேகமா?

வேகத்தைவிடச் சாப்பாடுதான் காரணம் என்பேன். மங்கோலியக் குதிரை குட்டையானது. அதற்குத் தீவனம் சுமந்துகொண்டு போக வேண்டாம். பனியைக் குளம்பால் கிளறி அடியில் கிடக்கும் புல்லைத் தின்றுகொள்ளும். ஒரு வீரன் மூன்று முதல் ஐந்து குதிரைகள் வரை ஓட்டிக்கொண்டு வருவான். ஒன்று களைத்தால் அடுத்ததில் ஏறுவான். கோடையில் குதிரைப் பாலே உணவு. மற்றப் படைகள் தானிய வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும், இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் புல்வெளியில் குதிரை எப்போதும் இருந்ததுதானே? புதிதாக வந்தது அமைப்பு. 1206இல் செங்கிஸ் கான் ஆன கையோடு, தெமுஜின் தன்னிடம் தோற்ற குலங்களை உடைத்தார். கெரயித்துகளையும் தாதார்களையும் பல பிரிவுகளில் சிதறவிட்டு, பத்து, நூறு, ஆயிரம் என்று படை கட்டினார். தன் ஆயிரத்தை விட்டு வேறு ஆயிரத்துக்குப் போனால் மரண தண்டனை. குலத் தலைவனுக்கு இருந்த விசுவாசம் கானுக்கு மாறியது இப்படித்தான்.

கேள்வி: புல்வெளி ஆட்களுக்குக் கோட்டை பிடிக்கத் தெரியாது. சீனப் பொறியாளர்கள்தான் ஜெயித்துக் கொடுத்தார்கள், சரிதானே?

பாதி சரி. ஆரம்பத்தில் தெரியாதுதான். ஆனால் தெரிந்தவர்களைச் சிறைபிடித்து வேலை வாங்கத் தெரிந்திருந்தது. சீனர் மட்டுமில்லை. தென் சீனாவின் சியாங்யாங் கோட்டை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஈரானிலிருந்து வரவழைத்த முஸ்லிம் பொறியாளர்கள் செய்த பெரிய கல்லெறி இயந்திரங்கள் வந்த பிறகு, 1273இல் விழுந்தது. ஈரானை ஆண்டவர், சீனாவின் மீது படையெடுத்த செங்கிஸின் பேரன் குப்லாய் கானின் தம்பி மகன் என்பதால்தான் அது நடந்தது.

கேள்வி: பிரிட்டிஷ் சாம்ராஜ்யம்தானே பெரியது?

பரப்பில் ஆமாம். ஆனால் அது கடல்களால் பிரிந்து கிடந்தது. தொடர்ச்சியான நிலப்பரப்பு என்றால் மங்கோலியருடையதுதான் பெரியது.

கேள்வி: ஊர்களை எரித்தவர்களை வணிகத்தை வளர்த்தவர்கள் என்று எழுதுவது வெள்ளையடிக்கிற வேலை இல்லையா?

கோபம் நியாயம்தான். இரண்டுமே நடந்தன, அதுவும் ஒரே கதையில். 1218இல் செங்கிஸ் கான் அனுப்பிய வணிகக் கூட்டம் ஒன்று மத்திய ஆசியாவில் இருந்த குவாரசமிய அரசின் எல்லை நகரமான ஒத்ராருக்கு வந்தது. சுமார் 450 பேர். அவர்களை உளவாளிகள் என்று சொல்லி அந்நகர ஆளுநர் கொன்று, சரக்கைப் பறித்துக்கொண்டார். (உளவும் பார்த்திருப்பார்கள், அந்தக் காலத்தில் வணிகனும் ஒற்றனும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.) நியாயம் கேட்கப் போன தூதரையும் குவாரசமிய மன்னரான ஷா கொன்றார். அடுத்த ஆண்டு படை வந்தது. ஒரு பகுதி ஒத்ராரை முற்றுகையிட, கான் குளிர்காலத்தில் கிசில்கும் பாலைவனத்தைக் கடந்து, 1220 தொடக்கத்தில் புகாரா வாசலில் நின்றார். அந்தப் பக்கமிருந்து யாரும் எதிர்பார்க்கவில்லை. பல நகரங்கள் அழிந்தன. அதை மறைக்க முடியாது.

பிறகுதான் மற்றது. செங்கிஸின் மகன் ஒகதாய் கான் காலத்தில் அஞ்சல் நிலையங்கள் வரிசையாக அமைந்தன. பட்டயம் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு நிலையத்திலும் மாற்றுக் குதிரையும் சாப்பாடும் கிடைக்கும். இளவரசர்கள் வெள்ளியை வணிகர்களிடம் முதலாகக் கொடுத்து லாபத்தில் பங்கு வாங்கினார்கள். செலவு யார் தலையில்? நிலையத்துக்குக் குதிரையும் தீவனமும் தரவேண்டிய சுற்றுவட்டாரக் குடிகள் தலையில். வணிகர்கள் அரசுக் குதிரையில் சொந்தச் சரக்கை ஏற்றி ஆடிய ஆட்டம் தாங்காமல், 1251இல் பட்டத்துக்கு வந்த மோங்கே கான் அதற்குத் தடையே போட்டார்.

கேள்வி: ஹங்கேரி வரை போன மங்கோலியர் அங்கிருந்து திரும்பியது ஒகதாய் இறந்ததால் என்று எங்கள் வாத்தியார் சொன்னார். நீங்கள் தலைப்பிலேயே புல் என்கிறீர்கள்!

உங்கள் வாத்தியார் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. 1241 டிசம்பரில் ஒகதாய் இறந்தார், அடுத்த ஆண்டு படை திரும்பியது. ஆனால் தலைமை தாங்கிய பாத்து மங்கோலியா வரை போகவே இல்லை, வோல்கா கரையில் தங்கிவிட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்தாயிரம் வீரருக்கு ஆளுக்கு நான்கு குதிரை என்றால் 40,000. ஒன்றுக்கு நாளுக்குப் பத்துக் கிலோ என்றால்கூட 400 டன் புல். ஹங்கேரிச் சமவெளி எத்தனை மாதம் தாங்கும்? தாங்கியிருக்கும் என்பவர்களும் உண்டு. அந்த வசந்தத்தில் நிலம் சேறாகிவிட்டது என்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

கேள்வி: வேலை விஷயமாகச் சீனாவின் சுவான்சௌ போனேன். அங்கே புத்தக் கோயில் தூணில் கண்ணன் சிற்பம் பார்த்தேன். இதற்கும் மங்கோலியருக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. அந்தத் துறைமுகத்தில் சிவன் கோயில் ஒன்று இருந்தது. நீங்கள் பார்த்தவையும் அங்கிருந்த இந்துக் கோயில் கட்டடத்தின் மிச்சங்களே. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலம் 1281, அதாவது குப்லாய் கான் தென் சீனாவை முழுதாகப் பிடித்து இரண்டு ஆண்டு கழித்து. 'செகசை கான்' உடல்நலத்துக்காக, அவர் அனுமதியோடு சிவனை எழுந்தருளச் செய்ததாகச் சொல்கிறது. அது குப்லாய் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். தரைவழியில் உறவினர்களுக்குள் சண்டை மூண்டிருந்த சமயம் அது, ஈரானோடு தொடர்புக்குக் கடல்வழி குப்லாய்க்குத் தேவைப்பட்டது. கொல்லத்துக்குத் தூதர்களை அனுப்பியதும் அதே ஆண்டுகளில்தான்.